விருது அறிவித்து மூன்று நாள் ஆகிறது: ஆசிரியர் குறிப்பில் அதை எங்கே வைப்பது?

மலைச்சாரல் | செவ்வாய், இரவு 9.40

என் இரண்டாவது சிறுகதைத் தொகுப்புக்கு ஒரு விருது அறிவித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. பெயரைச் சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும். அதனால் விருதை 'இன்ன விருது' என்றும், கொடுப்பவர்களை 'இன்ன அமைப்பு' என்றும், என் புத்தகங்களை 'நூல் ஒன்று', 'நூல் இரண்டு' என்றும் எழுதுகிறேன். நகைக்காதீர்கள்.

சிக்கல் இதுதான். இந்த வாரத்துக்குள் மூன்று இடங்களுக்கு என்னைப் பற்றிய குறிப்பு அனுப்ப வேண்டும். ஒரு மாத இதழில் கதை வருகிறது, கதையின் அடியில் போட 50 சொற்களுக்குள் கேட்கிறார்கள். மூன்றாவது தொகுப்பு அச்சுக்குப் போகிறது, அதன் உள்மடிப்புக்கு ஒன்று வேண்டும். ஒரு கல்லூரிக் கருத்தரங்கின் அழைப்பிதழில் பெயருக்குக் கீழே போட ஒரு வரி.

இதுவரை இருந்த பழைய குறிப்பு:

"மலைச்சாரல் தென்காசி அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையைக் களமாகக் கொண்ட கதைகளை எழுதி வருகிறார். 'நூல் ஒன்று', 'நூல் இரண்டு' ஆகிய சிறுகதைத் தொகுப்புகள் வெளிவந்துள்ளன. கணவர், இரு குழந்தைகளுடன் தென்காசியில் வசிக்கிறார்."

நேற்று இரவு என் தம்பி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது:

"2025ஆம் ஆண்டுக்கான 'இன்ன விருது' பெற்ற புகழ்பெற்ற சிறுகதை எழுத்தாளர் மலைச்சாரல். இன்ன அமைப்பு வழங்கும், 25,000 ரூபாய் ரொக்கமும் கேடயமும் கொண்ட இந்த விருதை இவரது 'நூல் இரண்டு' வென்றுள்ளது. தென் மாவட்டங்களிலிருந்து இவ்விருதைப் பெறும் முதல் பெண் எழுத்தாளர் இவர். தென்காசி அருகே பிறந்த இவர் அரசுப் பள்ளி ஆசிரியர். இரு சிறுகதைத் தொகுப்புகள் வெளிவந்துள்ளன."

படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் விருதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. எங்கே வைப்பது, எவ்வளவு சொல்வது?

---

கரிசல் | செவ்வாய், இரவு 10.05

வாழ்த்துகள் அக்கா. இதற்கு ஒரே விதிதான். விருதைக் கடைசி வரியில் போடுங்கள். முதலில் ஊர், வேலை, எழுத்து, புத்தகங்கள். எல்லாம் முடிந்த பிறகு "2025ஆம் ஆண்டின் இன்ன விருதைப் பெற்றுள்ளார்" என்று ஒரு வரி. அடக்கமாக இருக்கும். முதல் வரியில் விருது வந்தால் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி.

---

தில்லைநகர் ரவி | செவ்வாய், இரவு 10.31

வாழ்த்துகள் மேடம். பயோடேட்டாவில் விருதுகளுக்குத் தனித் தலைப்பு போட்டு, ஆண்டு வாரியாக, புதியதை மேலே வைத்து எழுதுவதுதான் முறை. ரொக்கத் தொகையையும் குறிப்பிடலாம். சான்றிதழின் நகலை இணைக்க மறக்க வேண்டாம். என் மகள் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

---

மலைச்சாரல் | செவ்வாய், இரவு 10.44

நன்றி சார். ஆனால் நான் கேட்பது வேலைக்கான பயோடேட்டா இல்லை. கதைக்கு அடியில், புத்தக மடிப்பில் நாலைந்து வரியில் வரும் ஆசிரியர் குறிப்பு. அதில் தலைப்பு போட இடமே இல்லை.

---

பிழைதிருத்தி | புதன், காலை 6.15

மலைச்சாரல் அம்மாவுக்கு வாழ்த்துகள். இருபது வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறவன். ஆசிரியர் குறிப்பில் விருது ஏறி உட்கார்ந்துகொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பி எழுதியதை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 42 சொற்கள். அதில் முதல் 31 சொற்கள் விருது பற்றிய மூன்று வாக்கியங்கள். மிச்சம் 11 சொல்லுக்குள்தான் நீங்கள் இருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய விஷயம், பீடி எங்கே போயிற்று? பழைய குறிப்பில் என் கண்ணில் பட்டதே பீடி சுற்றும் பெண்கள்தான். ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் போனவர்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே திண்ணையும் முறமும் தெரிந்துவிடும். புதியதில் அது ஓசையில்லாமல் வெளியேறிவிட்டது. விருதுச் செய்தி உள்ளே வரும்போது என்ன சேர்ந்தது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எதை வெளியே தள்ளியது என்று பார்ப்பதில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உடனே தெரியும்.

கரிசல் சொன்னது பாதி சரி. முதல் வரியில் வேண்டாம் என்பது சரி. கடைசி வரியில் வை என்பதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, இதழில் இடம் போதவில்லை என்றால் வடிவமைப்பவர் கடைசி வாக்கியத்தைத்தான் வெட்டுவார். உங்கள் விருது போய்விடும், நீங்கள் இதழ் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். இரண்டாவது, தமிழில் வாக்கியத்தின் கனம் அதன் கடைசியில் வரும் வினைமுற்றில்தான் விழும். குறிப்பின் கடைசி வாக்கியம், அதன் கடைசிச் சொல் "விருதைப் பெற்றுள்ளார்" என்றால், வாசகர் அந்த ஓசையோடுதான் பக்கத்தைத் திருப்புவார். அடக்கத்துக்காக அங்கே வைத்தது மணியடித்த மாதிரி ஆகிவிடும்.

நமக்குப் பெயரெச்சம் இருக்கிறது. விருதை வாக்கியத்தின் முடிவாக வைக்காமல், புத்தகத்துக்கு அடையாக வையுங்கள். "இன்ன விருதைப் பெற்ற 'நூல் இரண்டு'" என்றால் செய்தி வந்துவிட்டது, ஆனால் வாக்கியம் அதோடு நிற்காமல் புத்தகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இப்படி:

"மலைச்சாரல் தென்காசி அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர், அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையை எழுதி வருகிறார். 'நூல் ஒன்று', 2025ஆம் ஆண்டின் இன்ன விருதைப் பெற்ற 'நூல் இரண்டு' ஆகியவை இவரது சிறுகதைத் தொகுப்புகள். தென்காசியில் வசிக்கிறார்."

31 சொற்கள். விருதுக்கு ஐந்து. இடம் போதவில்லை என்று கடைசி வாக்கியத்தை வெட்டினாலும் போவது "தென்காசியில் வசிக்கிறார்" மட்டும்தான். "புகழ்பெற்ற" என்பதை எடுத்துவிட்டேன். அதை நீங்களே உங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது. ரொக்கமும் கேடயமும் விருது கொடுப்பவர்களின் செய்திக்குறிப்பில் இருக்க வேண்டியவை, உங்கள் குறிப்பில் அல்ல. "முதல் பெண் எழுத்தாளர்" என்பது உண்மையா என்று அந்த அமைப்பின் பழைய பட்டியலை யாராவது சரிபார்த்தார்களா? இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். தப்பாக இருந்தால் உங்களுக்கு முன்னால் வாங்கிய ஒரு அம்மா வருத்தப்படுவார்.

---

யாழ்நிலா | புதன், காலை 7.50

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். வாழ்த்துகள் அக்கா.

"கணவர், இரு குழந்தைகளுடன்" என்பதைப் பிழைதிருத்தி ஐயா பேசாமலே எடுத்துவிட்டார், அதுக்கே தனியாக ஒரு நன்றி. ஆண் எழுத்தாளர்களின் குறிப்பில் மனைவி எத்தனை தடவை வருகிறார் என்று எண்ணிப் பாருங்கோ.

ஆனால் ஒன்று சொல்லவேணும். பெயரெச்சம் எல்லா விருதுக்கும் பொருந்தாது. அக்காவின் விருது ஒரு நூலுக்கு. அதனால் அதை நூலின் முன்னே வைக்கலாம். இங்கே தமிழ் இலக்கியத் தோட்டம் கொடுக்கும் இயல் விருது வாழ்நாள் சாதனைக்கானது. அது ஆளுக்கு, ஒரு புத்தகத்துக்கு இல்லை. அதைப் பெற்ற ஒருவரின் குறிப்பில் ஒரு நாவலின் தலைப்புக்கு முன்னால் "இயல் விருது பெற்ற" என்று போட்டால் பிழையான தகவல். சாகித்திய அகாதெமி ஆண்டுதோறும் கொடுக்கும் முதன்மை விருது நூலுக்கு. ஆனாலும் எல்லாரும் ஆளுக்கு முன்னால்தான் போடுகினம்.

---

பிழைதிருத்தி | புதன், காலை 8.20

சரியான திருத்தம், யாழ்நிலா. விருது எதற்குக் கொடுக்கப்பட்டதோ அந்தச் சொல்லுக்கு முன்னால்தான் அந்தப் பெயரெச்சம் நிற்க வேண்டும். ஆளுக்கான விருது என்றால் நடுவில் ஒரு சின்னத் தனி வாக்கியம்தான் வழி. அதற்குப் பின்னால் எழுத்தைப் பற்றிய வாக்கியம் ஒன்று வந்தே ஆக வேண்டும்.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், நானே விழுந்தது. ஒரு கவிஞருக்கு மூன்று தொகுப்புகள். முதல் தொகுப்புக்குத்தான் விருது. நான் வெளிவந்த வரிசையிலேயே போட்டேன்: "இன்ன விருது பெற்ற 'அ', 'ஆ', 'இ' ஆகிய தொகுப்புகள்". இப்போது சொல்லுங்கள், எத்தனை தொகுப்புக்கு விருது? தமிழில் அந்த அடை மூன்றுக்கும் போய்விடும். புத்தகம் கடைக்குப் போன பிறகு ஒரு வாசகர் கடிதம் எழுதினார், மூன்று முறை விருது வாங்கியவரா இவர் என்று. கவிஞர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

அதனால்தான் உங்கள் குறிப்பில் விருது பெற்ற நூலைக் கடைசியில் வைத்தேன். உங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டாவது நூலுக்கே விருது வந்தது, வரிசையும் கெடவில்லை. மூன்றாவது நூலும் பட்டியலில் சேரும்போது 'நூல் ஒன்று', 'நூல் மூன்று' என்று போட்டு, விருது பெற்றதைக் கடைசியில் கொண்டுவர வேண்டியிருக்கும். வரிசை கொஞ்சம் தப்பும். பொருள் தப்பாது.

---

பாலக்காட்டுப் பாதை | புதன், மதியம் 1.10

இந்த இழையைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது. கோயம்புத்தூர்க்காரன், மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. சந்தோஷத்தில் என் குறிப்பை இப்படி மாற்றினேன்: "இவரது இன்ன நாவல் மொழிபெயர்ப்புக்கான விருதைப் பெற்றது." ஆறு மாதம் எல்லா இடத்திலும் அப்படியே வந்தது. ஒரு நிகழ்ச்சியில் மூல ஆசிரியரின் மகளைச் சந்தித்தேன். மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்கள் நாவலா அது?" தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விருது வந்த அவசரத்தில் "இவரது" என்று போட்டுவிட்டு மூல ஆசிரியரின் பெயரையே விழுங்கியிருக்கிறேன். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு கன்னடத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட ஒரு சிறுகதைத் தொகுப்புக்குப் போனது. எழுதிய பானு முஷ்தாக்குக்கும் ஆங்கிலத்தில் பெயர்த்த தீபா பாஸ்திக்கும் பரிசுத்தொகை சரிபாதி. அந்தப் பரிசில் தொகையே அப்படித்தான் பிரியும். தொகையைப் பிரிக்கிறார்கள், ஆனால் குறிப்பில் பெயரைப் பிரிக்க நமக்கு மறந்துவிடுகிறது.

மலைச்சாரல் மேடத்துக்கு இது பொருந்தாது, தெரியும். ஆனாலும் உங்கள் கதைகளில் ஏதாவது ஒன்று மொழிபெயர்க்கப்பட்டு அதற்கு ஒன்று கிடைத்தால் நினைவில் வையுங்கள்.

---

மலைச்சாரல் | புதன், மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. பள்ளியிலிருந்து இப்போதுதான் வந்தேன். "பீடி எங்கே போயிற்று" என்று படித்ததும் தம்பியிடம் காட்டினேன். "அதைப் பார்த்தால் ஏழைக் கதைனு நினைப்பாங்கன்னு எடுத்தேன்" என்கிறான். அவனோடு சண்டை தனியாகப் போகிறது.

பிழைதிருத்தி ஐயா, இதழுக்கு நீங்கள் எழுதியதையே கொஞ்சம் மாற்றி அனுப்புகிறேன். இப்போது மூன்று சந்தேகங்கள். விழா அடுத்த மாதம்தான். இன்னும் கையில் வாங்கவில்லையே, "பெற்ற" என்று போடலாமா? ஆண்டு எதைப் போடுவது, அறிவித்த ஆண்டா, விழா நடக்கும் ஆண்டா? புத்தக மடிப்பில் "அண்மையில்" என்று சேர்க்கச் சொல்கிறார் பதிப்பாளர். சேர்க்கவா?

---

கரிசல் | புதன், மாலை 7.02

விழா முடியும் வரை "பெற்ற" என்று போடக் கூடாது அக்கா. "அறிவிக்கப்பட்டுள்ளது" என்றுதான் போட வேண்டும். ஆண்டு, கையில் வாங்கும் ஆண்டு.

(கடைசி வரி விஷயத்தில் நான் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. இதழில் வெட்டுவார்கள் என்பது சரி. புத்தக மடிப்பில் யாரும் வெட்டப் போவதில்லையே.)

---

பிழைதிருத்தி | புதன், இரவு 9.15

கரிசல், புத்தக மடிப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அங்கே வெட்டும் பயம் இல்லை. ஆனால் ஓசை பற்றிய என் மறுப்பு அங்கேயும் நிற்கிறது. அதை நீங்களும் நானும் தீர்க்க முடியாது, காது சம்பந்தப்பட்டது.

"பெற்ற" என்பதற்கு: குறிப்பை நீங்கள் எழுதும் நாளை வைத்துப் பார்க்காதீர்கள், வாசகர் கையில் எடுக்கும் நாளை வைத்துப் பாருங்கள். இதழ் எப்போது வருகிறது? விழாவுக்கு முன்பே வருகிறது என்றால் "இன்ன விருதுக்குத் தேர்வான 'நூல் இரண்டு'". எந்த நாளில் படித்தாலும் பொய்யாகாது. "அறிவிக்கப்பட்டுள்ளது" செய்தித்தாள் நடை, அதற்கு ஒரு தனி வாக்கியமும் வேண்டும். புத்தகம் வருவது விழாவுக்குப் பிறகு, வாசகர் படிப்பது ஐந்து வருடம் கழித்தும் இருக்கலாம். அங்கே "பெற்ற".

ஆண்டைப் பொறுத்தவரை, விருதின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆண்டைப் போடுங்கள். அறிவித்த ஆண்டு வேண்டாம், விழா ஆண்டும் வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறேன். இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்குக் கிடைத்தது 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது. ஆனால் அது அறிவிக்கப்பட்டது 2021 மார்ச்சில். அம்பைக்குக் கிடைத்தது 2021ஆம் ஆண்டுக்கானது. அது அறிவிக்கப்பட்டது 2021 டிசம்பரில். ஒரே காலண்டர் ஆண்டில் தமிழுக்கு இரண்டு அறிவிப்பு. "2021இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்" என்று இரண்டு பேர் குறிப்பிலும் போட்டால், பின்னால் பட்டியலோடு ஒப்பிடுகிற மாணவருக்குத் தலை சுற்றும். "2020ஆம் ஆண்டுக்கான" என்றால் குழப்பமே இல்லை. அந்த "க்கான" முக்கியம். உங்கள் குறிப்பில் நான் எழுத்து மிச்சம் பிடிக்க "ஆண்டின்" என்று போட்டேன். "ஆண்டுக்கான" என்று மாற்றிவிடுங்கள், சொல் எண்ணிக்கை மாறாது.

"அண்மையில்" மட்டும் புத்தகத்தில் வேண்டவே வேண்டாம். 2008இல் அச்சான ஒரு நூல் என் மேசையில் இருக்கிறது. உள்ளே "சமீபத்தில் விருது பெற்றவர்". ஆசிரியர் காலமாகியே வருடங்கள் ஆகின்றன. இதழில் கூடத் தேவையில்லை, ஆண்டு போட்டால் அண்மையா இல்லையா என்று வாசகரே கண்டுகொள்வார்.

---

நெட்டெழுத்து | புதன், இரவு 10.20

இணையக் குறிப்புகளை யாரும் சொல்லவில்லையே. எக்ஸ் தளத்தில் 160 எழுத்து வரைக்கும் போடலாம், இன்ஸ்டாகிராமில் 150. தமிழில் 160 எழுத்து என்றால் தாராளம், அக்காவின் முழுக் குறிப்பே உள்ளே போய்விடும்.

---

யாழ்நிலா | வியாழன், காலை 5.55

போகாது தம்பி. நாங்கள் எண்ணுற எழுத்து வேற, அது எண்ணுற எழுத்து வேற. 'விருது' எங்களுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: வ, அதன் இகரக் குறி, ர, உகரக் குறி, த, உகரக் குறி. 'எழுத்தாளர்' எங்களுக்கு ஆறு, அதுக்குப் பத்து. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். தமிழில் 160 என்று நினைத்து எழுதினால் பாதியைத் தாண்டியதுமே சிவப்பு காட்டும்.

அக்காவுக்கு நான் ஒன்று போட்டுப் பார்த்தன்:

சிறுகதைகள். பீடி சுற்றும் பெண்கள். 'நூல் இரண்டு' (இன்ன விருது 2025). தென்காசி.

கணினிக் கணக்கில் 78 வருகுது. உண்மையான பெயர்கள் நீளமாக இருந்தாலும் 150க்குள் அடங்கும். விருது அடைப்புக்குறிக்குள் போனதும் அது தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். இப்படிக் குறுகிய இடத்தில் பெயரெச்சமும் வினைமுற்றும் வீண் செலவு.

விக்கிப்பீடியாவில் அக்காவுக்குப் பக்கம் இருந்தால் அதை மட்டும் நீங்களே திருத்தாதேங்கோ. தன்னைப் பற்றித் தானே எழுதுவது அங்கே நல்ல வழக்கமில்லை. உரையாடல் பக்கத்தில் செய்தித்தாள் இணைப்போடு ஒரு வரி எழுதிவிட்டால் வேறு யாராவது சேர்ப்பினம்.

---

மலைச்சாரல் | வியாழன், காலை 7.10

விக்கிப்பீடியா பக்கமா! இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை யாழ்நிலா.

புதிதாக ஒரு தலைவலி. விருது அமைப்பிலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. எங்கே குறிப்பிட்டாலும் விருதின் முழுப் பெயரையும் போட வேண்டுமாம். நன்கொடையாளரின் தாயார் பெயர், "நினைவு", பிறகு அறக்கட்டளையின் பெயர், பிறகு "சிறந்த சிறுகதை நூலுக்கான விருது". எண்ணினேன், மொத்தம் ஒன்பது சொல். பெயரெச்சத்தில் வைத்துப் படித்தேன், என் புத்தகத்தின் தலைப்பு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது.

---

பிழைதிருத்தி | வியாழன், காலை 8.40

இங்கேதான் பெயரெச்சத்தின் எல்லை. அடை நாலைந்து சொல்லுக்குள் இருந்தால் நிற்கும். ஒன்பது சொல், அதோடு ஆண்டு, "பெற்ற" எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு சொல் தாண்டித்தான் புத்தகம் வரும். அது மறுபடியும் உங்கள் தம்பியின் குறிப்புதான், வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இதற்கு நான் செய்வது: நடுவில் தனி வாக்கியம், புத்தகம் எழுவாய், வினைமுற்று ஒரே சொல். பிறகு உடனே எழுத்தைப் பற்றிய வாக்கியம். மடிப்புக்கு இப்படி:

"மலைச்சாரல் தென்காசி அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர், அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 'நூல் ஒன்று', 'நூல் இரண்டு' ஆகியவை இவரது முந்தைய சிறுகதைத் தொகுப்புகள். இரண்டாவது தொகுப்பு 2025ஆம் ஆண்டுக்கான (முழுப் பெயர்) பெற்றது. பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதி வருகிறார்."

பீடியைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டேன். விருதின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வாசகர் காதில் தங்குவது அதற்குப் பின்னால் வருவதுதான். இப்போது "தொடர்ந்து எழுதி வருகிறார்" என்று முடிகிறது, கையில் இருக்கும் மூன்றாவது புத்தகத்துக்கு அதுவே வாசல். மடிப்பில் வெட்டு இல்லை என்று கரிசல் சொன்னதும் இங்கே உதவியது. இதே வரிசையில் இதழுக்கு அனுப்பாதீர்கள். அங்கே வால் வெட்டினால் பீடி போய் விருதோடு நிற்கும். இதழுக்கு முன்பு போட்டதில் சுருக்கப் பெயரை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பாருங்கள். "இடம் 50 சொல்தான்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

---

கரிசல் | வியாழன், மதியம் 12.30

ஆக, எழுத்து கடைசியில், விருது நடுவில். சரி. ஆனால் அழைப்பிதழ் ஒற்றை வரிக்கு நடுவும் இல்லை, கடைசியும் இல்லையே. அதற்கு என்ன செய்வது? "சிறுகதை எழுத்தாளர், தென்காசி" போதும் என்பேன். மேடையில் அறிமுகம் செய்கிற மாணவர் எப்படியும் விருதைச் சொல்லத்தான் போகிறார். அழைப்பிதழில் ஒரு தடவை, அறிமுகத்தில் ஒரு தடவை, வாழ்த்துரையில் ஒரு தடவை, நன்றியுரையில் ஒரு தடவை. அக்கா பேச எழுந்திருக்கும்போது விருது மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

---

யாழ்நிலா | வியாழன், இரவு 8.05

இதில் நான் கரிசலோடு ஒத்துப்போக மாட்டன். அழைப்பிதழ் பார்க்கிற மாணவிக்கு அக்காவைத் தெரியாது. தெரியாத ஒருவரின் பேச்சைக் கேட்க ஏன் வரவேணும் என்று அந்த ஒற்றை வரிதான் சொல்லவேணும். அங்கே விருது பெருமைக்கு இல்லை, அடையாளத்துக்கு. எங்கட பெண்கள் விருதைக் குறிப்பிலிருந்து தாங்களே எடுத்துவிடுவதைக் கனக்கப் பார்த்திருக்கிறன். பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆணின் பெயருக்குக் கீழே மூன்று விருது இருக்கும். இவவின் பெயருக்குக் கீழே "எழுத்தாளர்".

---

பிழைதிருத்தி | வியாழன், இரவு 9.50

ஒற்றை வரியில் எனக்கும் தெளிவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன். "விருது பெற்ற எழுத்தாளர்" என்று பெயரில்லாமல் போடுவதானால் போடவே வேண்டாம். எந்த விருது என்று சொல்லாத அடை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. போட்டால் பெயரோடு போடுங்கள், அல்லது புத்தகத்தின் பெயரைப் போடுங்கள்: "'நூல் இரண்டு' ஆசிரியர், தென்காசி".

---

தில்லைநகர் ரவி | வெள்ளி, காலை 9.00

மன்னிக்கவும், இப்போதுதான் முழுதாகப் படித்தேன். முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஆனாலும் சான்றிதழ் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் மேடம், பின்னால் தேவைப்படும்.

---

மலைச்சாரல் | சனி, மாலை 5.45

எடுத்து வைக்கிறேன் சார், கையில் வந்ததும்.

நிலவரம் சொல்கிறேன். இதழுக்கு, "தேர்வான" என்று மாற்றி, சுருக்கப் பெயரோடு அனுப்பிவிட்டேன். அமைப்பில் கேட்டேன், இதழுக்கு மட்டும் சரி என்றார்கள். மடிப்புக்கு ஐயா எழுதியதைத்தான் அனுப்பினேன். பதிப்பாளர் "அண்மையில்" என்ற சொல்லை எடுக்க ஒப்புக்கொண்டார், ஆனால் பின்னட்டையில் விருது முத்திரை ஒன்று வட்டமாக, பொன்னிறத்தில் போடுவாராம். விருது இரண்டாவது புத்தகத்துக்கு, இது மூன்றாவது புத்தகம் என்று சொன்னேன். "வாசகருக்கு ஆசிரியர் ஒருவர்தானே" என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

கல்லூரிக்கு "'நூல் இரண்டு' ஆசிரியர், தென்காசி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இன்று அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. பெயருக்குக் கீழே "புகழ்பெற்ற விருதாளர்" என்று இருக்கிறது. எந்த விருது என்று இல்லை. தென்காசியும் இல்லை. பேராசிரியருக்குப் போன் செய்தேன். "நீங்க ரொம்ப அடக்கமா எழுதியிருந்தீங்க மேடம், நாங்க சரி பண்ணிட்டோம்" என்றார்.

---

கரிசல் | சனி, மாலை 6.10

உங்கள் தம்பிக்கும் அந்தப் பேராசிரியருக்கும் ஏதாவது சொந்தமா அக்கா?